வினா 3, முள்ளியவளைக் காணி: விடைத் திருத்தக் குறிப்பு

பிள்ளை, உங்கள் விடைக்கு 25க்கு 11 புள்ளி. சட்டம் தெரியாமல் புள்ளி குறையவில்லை. பிரிவுகளைச் சரியாகவே எடுத்திருக்கிறீர்கள். ஆனால் காலத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று கேட்காமலே எண்ணத் தொடங்கிவிட்டீர்கள். இந்த வினாவில் ஒவ்வொரு வாதமும் வேறொரு நாளைக் கொண்டுவருகிறது. அந்த நாட்களை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் யார் வெல்லுவார் என்று தெரியும்.

வினாத்தரவுகளை ஒருமுறை திரும்பப் பாருங்கள். சிவத்திடம் 1978 உறுதி இருக்கிறது. மணியம் 1986இல் காணிக்குள் வந்தார். "பார்த்துக்கொள்ளத்தான் விட்டேன்" என்கிறார் சிவம். "15,000 ரூபா கொடுத்து வாய்ப்பேச்சில் வாங்கினேன்" என்கிறார் மணியம். 1990இல் சிவம் படகில் இந்தியா போனார். 1996இல் மணியம் கல்வீடு கட்டினார். 2009 ஜனவரியில் இடம்பெயர்ந்து, மெனிக் பாம் முகாமில் தங்கி, 2010 மே மாதம் திரும்பினார். 2011இல் வீட்டுத்திட்டத்துக்காகச் சிவத்திடம் சம்மதக் கடிதம் வாங்கிப் பிரதேச செயலகத்தில் கொடுத்து, உடைந்த வீட்டைத் திரும்பக் கட்டினார். 2012 ஜூலையில் சிவம் திரும்பி வந்தார். 2013 ஓகஸ்டில் "எழும்பமாட்டேன்" என்று மணியம் முள்ளுக்கம்பி அடித்தார். சிவம் வழக்கு வைத்தது 2017 மார்ச்சில்.

எழுவினா. "காணி யாருக்குச் சொந்தம்?" என்று எழுதியிருக்கிறீர்கள். அது கட்சிக்காரர் சட்டத்தரணியிடம் கேட்கிற கேள்வி. விடையில் அதை உடைக்க வேண்டும்: சிவம் தன் உரித்தை நிரூபித்தாரா, மணியம் அனுமதியோடு வந்தவரா அல்லது வாங்கியவர் என்ற நினைப்போடு வந்தவரா, அவரது ஆட்சி எப்போது சிவத்தின் உரித்துக்குப் பாதகமானது, அந்த நாளிலிருந்து 10 வருடம் ஓடியதா, தோற்றால் வீட்டுக்கு என்ன கிடைக்கும். இரண்டாவது எழுவினா உங்கள் விடையில் இல்லவே இல்லை. மற்ற எல்லாம் அதில்தான் தொங்குகின்றன.

சட்டவிதி. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவைச் சொன்னது சரி. ஆனால் "10 வருடம் தடங்கலற்ற ஆட்சி" என்று பாதியோடு நிறுத்திவிட்டீர்கள். வாடகையோ விளைவோ கொடுக்காமல், இன்னொருவரின் உரிமையை ஒப்புக்கொண்டதாக இயல்பாகக் கருதக்கூடிய எந்தச் செயலையும் செய்யாமல் இருந்த ஆட்சியையே அந்தப் பிரிவு கேட்கிறது. 2011 சம்மதக் கடிதத்தை வினாவில் வைத்ததே இதற்காகத்தான். உங்கள் விடையில் அந்தக் கடிதம் ஓரிடத்திலும் வரவில்லை.

அனுமதியோடு வந்தவர் மனதுக்குள் நினைப்பை மாற்றிக்கொண்டால் போதாது, உரித்தாளருக்குத் தெரியும்படி வெளிப்படையாக ஏதாவது செய்திருக்க வேண்டும். நாகுடா மரிக்கார் எதிர் முகம்மது (1903, 7 என்.எல்.ஆர். 91) இதற்குப் பொருந்தும். நீங்கள் எடுத்த கொரேயா எதிர் அப்புஹாமி (1911) கூட்டுரித்தாளர் பற்றியது. இங்கே கூட்டுரித்தாளர் இல்லை, அதை வெட்டுங்கள்.

பொருத்துதல். புள்ளி அதிகம் போனது இங்கேதான். உங்கள் வரி: "1986 முதல் 2017 வரை 31 வருடங்கள், எனவே 13ஆம் பிரிவின் 30 வருட விதிப்படி மணியத்துக்கே காணி." கணக்குச் சரி. ஆனால் அந்த 30 வருடமும் பாதகமான ஆட்சியாக இருக்க வேண்டும். பார்த்துக்கொள்ள வந்தவரின் முதல் நாள் பாதகமான நாள் அல்ல. 1996 வீட்டை வெளிப்படையான செயலாக எடுத்தாலும் 2017 வரை 21 வருடம்தான். 2013 முள்ளுக்கம்பி என்றால் மூன்றரை வருடம்.

இதே 13ஆம் பிரிவைச் சிவத்துக்காகவும் வாதிட்டிருக்க வேண்டும். கடல்கடந்திருத்தல் அதில் சொல்லப்பட்ட இயலாமைகளில் ஒன்று. ஆனால் வழக்கிடும் உரிமை முதலில் எழுந்த நாளில் அந்த இயலாமை இருந்திருக்க வேண்டும். 1996இல் உரிமை எழுந்தது என்றால் சிவம் அப்போது இந்தியாவில், ஆகவே காலம் 2012 ஜூலையில்தான் ஓடத் தொடங்கும். 1986இல் எழுந்தது என்றால் அவர் ஊரில் இருந்தார், பிறகு படகேறியது ஓடுகிற காலத்தை நிறுத்தாது.

அதனால்தான் மணியத்தின் வாய்ப்பேச்சுக் கொள்வனவு முக்கியம். "1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு உறுதி இல்லை, வாதம் செல்லாது" என்று ஒரு வரியில் தள்ளிவிட்டீர்கள். உரித்து மாறவில்லை என்பது உண்மை. ஆனால் எந்த நினைப்போடு உள்ளே வந்தார் என்பதற்கு அது சான்று. நீதிமன்றம் அதை நம்பினால் ஆட்சி 1986இலிருந்தே பாதகமானது, 1996இல் 10 வருடம் முடிந்துவிடும். முடிந்த உரித்தை 2011 கடிதம் பறிக்காது. ஆனால் காசு கொடுத்து வாங்கியவர் ஏன் சம்மதக் கடிதம் கேட்டார் என்று சிவத்தின் பக்கம் கேட்கும். கொள்வனவுக் கதையையே உடைக்கிற கேள்வி அது.

அப்போதும் சிவத்துக்கு ஒரு வழி இருக்கிறது: 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் காலவிதிப்பு (விசேட ஏற்பாடுகள்) சட்டம். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கழித்தால் வழக்கு நாள்வரை 7 வருடமும் 10 மாதமும்தான். வன்னிக் காணி வினாவில் இந்தச் சட்டத்தை விட்டதற்கே நான்கு புள்ளி குறைத்தேன். ஆனால் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. ஆயுதம் தாங்கிய பயங்கரவாதக் குழுவின் செயற்பாட்டால் நீதிமன்றம் போக முடியாதிருந்தவருக்கே அது உதவும். "இராணுவ நடவடிக்கைக்குப் பயந்தே போனார், அந்தச் சொற்களுக்குள் அவர் வரமாட்டார்" என்று மணியத்தின் சட்டத்தரணி சொல்லக்கூடும். இரு பக்கத்தையும் எழுதுங்கள்.

2009–2010 இடப்பெயர்வை நீங்கள் தொடவில்லை. சிவத்துக்கு அது தடங்கல். வேறு யாரும் உள்ளே வரவில்லை, துரத்தப்பட்டுப் போனவர் திரும்பும் எண்ணத்தை விடவில்லை என்பது மணியத்தின் பதில். 1996இலேயே 10 வருடம் முடிந்தது என்றால் இந்த விவாதம் தேவையில்லை என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள்.

சிறியதாக ஒன்று: 1978 உறுதி 30 வருடம் தாண்டியது. உரிய இடத்திலிருந்து வந்தால் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 90ஆம் பிரிவு ஊகம் சிவத்துக்கு உதவும்.

வீடும் இருக்கிறது. தோற்றாலும் மணியம் நல்லெண்ணத்தோடு ஆட்சி செய்தவர் என்றால், பயனுள்ள மேம்பாட்டுக்கு ரோமன்-டச்சுச் சட்டப்படி நட்டஈடு கேட்கலாம், அது கிடைக்கும்வரை காணியைத் தடுத்துவைக்கவும் கேட்கலாம். இதை ஒரு பந்தியாக எழுதினால் மூன்று புள்ளி.

முடிவு. "இறுதியாக நீதிமன்றமே தீர்மானிக்கும்" என்பது முடிவு அல்ல. இப்படி எழுதலாம்:

"காலவிதிப்பை நிரூபிக்கும் சுமை மணியத்துக்கு. 2011 கடிதம் வாய்ப்பேச்சுக் கொள்வனவோடு பொருந்தாததால் அவர் அனுமதியோடு வந்தவர் என்றே கொள்ளப்படலாம். வெளிப்படையான மறுப்பு 2013 ஓகஸ்ட், வழக்கு நாளில் 10 வருடம் ஆகவில்லை. கொள்வனவை நீதிமன்றம் நம்பினாலும், சிவம் 2016ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வந்தால் முடிவு அதுவே. காணி சிவத்துக்கு, வீட்டுக்கான நட்டஈடு தனியாகப் பார்க்கப்படும்."

முழு விடையையும் திரும்ப எழுத வேண்டாம். எழுவினாவையும் பொருத்துதலையும் மட்டும், 1986, 1996, 2012, 2013 என்ற நாட்களை ஓரத்தில் குறித்துக்கொண்டு, இரண்டு பக்கத்துக்குள் எழுதி அடுத்த புதன்கிழமை தாருங்கள்.