கால் பல்

அந்த மேசைக் கடிகாரம் கடைக்கு வந்தப்ப 2024 ஜனவரி கடைசி. நான் மாஸ்டர்கிட்ட வேலை கத்துக்க சேர்ந்து எட்டு மாசம் ஆகியிருந்துச்சு. அதுவரைக்கும் பித்தளைச் சக்கரம் கழுவறது, சாவி குடுக்கறது, பெண்டுலம் நீளத்தை அட்ஜஸ்ட் பண்றது இதுதான் என் வேலை. இந்தக் கடிகாரத்தை அவரே என் முன்னாடி வச்சு, நீயே பிரி, நீயே பூட்டுன்னு சொன்னப்ப எனக்கு அன்னிக்கு சோறே இறங்கல.

மணி மட்டும் காட்டற கடிகாரம் இல்ல அது, தேதியும் மாசமும் காட்டும். முப்பது நாள் மாசம் முடிஞ்சா 31ஐ தானாவே தாண்டிப் போயிடும், யாரும் கை வைக்க வேணாம். பின்பக்கத் தகட்டைக் கழட்டினா உள்ள ஒரு வட்டத் தகடு, விளிம்பு பூரா பள்ளம் பள்ளமா வெட்டி வச்சிருந்தாங்க. ஒரு நெம்புகோலோட மூக்கு அந்த விளிம்பு மேல உக்காந்திருக்கும். மாசத்துக்கு ஒரு படி தகடு நகரும், மாசக் கடைசியில மூக்கு எவ்வளவு ஆழத்துல இறங்கியிருக்கோ அத்தனை தேதியைத் தள்ளிவிடும். 31 நாள் மாசத்துக்குப் பள்ளமே கிடையாது, 30 நாள் மாசத்துக்கு சின்னப் பள்ளம், பிப்ரவரிக்கு ஆழமான பள்ளம்.

லென்ஸ் மாட்டிக்கிட்டு எண்ணினேன், மொத்தம் 48 படி. நாலு வருஷத்துக்கு ஒரு சுத்து. பிப்ரவரி பள்ளம் நாலு இருந்துச்சு, மூணு ஒரே ஆழம், நாலாவது மட்டும் மேல நின்னுச்சு. அழுக்கு அடைச்சிருக்கும்னு நினைச்சு பெட்ரோல்ல ஊறவச்சு குச்சியால சுரண்டினேன், ஒண்ணும் வரல. அளந்து பாத்தா மூணு பள்ளமும் 1.8 மில்லி, இது 1.2. சரி, வெட்டினவங்க கை பிசகியிருக்கு, மத்ததோட சமமா ஆக்கிடலாம்னு சின்ன அரத்தை எடுத்து பள்ளத்துல வச்சுட்டேன்.

"ஏம்மா, நில்லு."

மாஸ்டர் சத்தம் போடமாட்டார், அன்னிக்கும் போடல. பக்கத்துல வந்து அரத்தை மட்டும் என் கையில இருந்து வாங்கிக்கிட்டார்.

"பள்ளம் தேய்ஞ்சா ஆழமாகுமா, மேடாகுமா?"

"ஆழமாகும் மாஸ்டர்."

"இது மேடா இருக்கு. அப்ப இது தேய்மானமும் இல்ல, பிசகும் இல்ல. வேணும்னே வெட்டினது. எதுக்குன்னு சொல்லு."

அப்பதான் உறைச்சது. நாலுல ஒரு பிப்ரவரி, 29 நாள். "லீப் இயர் மாஸ்டர்"ன்னேன். அது பேரு, காரணத்தைச் சொல்லுன்னார். பூமி சூரியனைச் சுத்த 365 நாளும் கால் நாளும் ஆகும், நாலு கால் சேர்ந்தா ஒரு நாள்னு ஸ்கூல்ல படிச்சதை அப்படியே ஒப்பிச்சேன். அவர் கேட்டுட்டு, "சரி, அந்தக் கால் எங்க இருக்கு? காட்டு"ன்னார்.

எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. எங்க காட்டறது? ஜனவரி 1 ராத்திரி பன்னெண்டு மணிக்குத்தானே ஆரம்பிக்குது, டிசம்பர் 31 ராத்திரி பன்னெண்டு மணிக்குத்தானே முடியுது, நடுவுல கால் நாள் எங்க ஒளிஞ்சிருக்கும்?

கடைக்குப் பின்னாடி ரூம் ஒண்ணு உண்டு, பழைய கடிகாரக் கூடுங்க அடுக்கி வச்சிருக்கற ரூம். கூரையில நாலு மீட்டர் உயரத்துல ஒரு சின்ன ஓட்டை, அது வழியா சூரியன் தரையில ஒரு வட்டமா விழும். தரையில நேர்கோடு ஒண்ணு கீறியிருக்கும். வெளிச்ச வட்டம் அந்தக் கோட்டைத் தாண்டற நேரம்தான் அந்த இடத்துக்கு உச்சி. கடிகாரம் ரிப்பேர் பண்றவர் சூரியனோட ஒத்துப் பாக்க வச்சிருக்கார்னு நினைச்சுட்டு நான் அதுவரைக்கும் அதைக் கவனிச்சதே இல்ல. அன்னிக்கு மாஸ்டர் அட்டைப்பெட்டிங்களை நகர்த்தி தரையைத் துடைச்சு காட்டினார். கோட்டு மேல ஊசியால கீறின மெல்லிசான குறிங்க, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல வருஷம். 1996ல இருந்து வருஷா வருஷம் மார்ச் 21 உச்சியில வட்டத்தோட நடு எங்க விழுதோ அங்க ஒரு குறி. மேகம் மறைச்ச மூணு வருஷத்துக்கு மட்டும் இல்ல.

"கால் இங்கதான் இருக்கு, தேடு"ன்னு சொல்லிட்டு அவர் வேலைக்குப் போயிட்டார்.

நான் முட்டி போட்டு உக்காந்தேன். ஒரே தேதி, ஒரே உச்சி, அப்ப குறி எல்லாம் ஒரே இடத்துலதானே இருக்கணும்? இல்ல. 1996 குறிக்கு ஏழு மில்லி பின்னால 1997, அதுக்கு ஏழு மில்லி பின்னால 1998, இன்னும் ஏழு பின்னால 1999, அப்புறம் 2000 ஒரே தாவா தாவி 1996 குறிகிட்டயே வந்து நிக்குது. மறுபடியும் பின்னால, பின்னால, பின்னால, ஒரு தாவு. மூணு தடவை அளந்தேன். வயசானவர் கை நடுங்கியிருக்கும்னு நினைச்சேன், ஆனா நடுக்கம் இவ்வளவு ஒழுங்கா நாலு வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பி வராது.

பிப்ரவரி பூரா மத்தியானம் அந்த ரூம்லதான். வட்டம் நாளுக்கு நாள் சுவர் பக்கமா கொஞ்சம் கொஞ்சமா நகர்றதை சாக்பீஸால குறிச்சேன். 28 போய் 29 வந்துச்சு, மேசைக் கடிகாரம் அந்த மேட்டுப் பள்ளத்துல மூக்கை வச்சுக்கிட்டு 29ன்னு சரியா காட்டுச்சு, அரத்தை வச்ச இடத்தைப் பாக்கும்போது எனக்கு உள்ளங்கை வேர்த்துடுச்சு. மார்ச் நடுவுல அளந்தா ஒரு நாளைக்கு வட்டம் நகர்றது 28 மில்லி. வருஷத்துக்குப் பின்னால போறது ஏழு. நாலேழு இருபத்தெட்டு.

அந்த எண்ணை எழுதிட்டு ரொம்ப நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். கால் நாள் கேலண்டர்ல ஒளிஞ்சிருக்கல, வானத்துல பாக்கியா நிக்குது. நாம 365 நாள் எண்ணி முடிச்சு மார்ச் 21ன்னு போட்டுட்டோம், ஆனா பூமி போன வருஷம் நின்ன இடத்துக்கு இன்னும் வந்து சேரல, கிட்டத்தட்ட ஆறு மணி நேரப் பயணம் மிச்சம் இருக்கு. செகண்டுக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்துல போனாலும் ஆறு லட்சம் கிலோமீட்டருக்கு மேல பாக்கி. அதனால வெளிச்சம் போன வருஷக் குறியைத் தொடாம ஏழு மில்லி பின்னாலயே நின்னுடுது. இப்படியே விட்டா நூறு வருஷத்துல 24 நாள் பிசகும், விதைக்கற மாசத்துல ஒரு பருவம், பேரன் காலத்துல அதே மாசத்துல வேற பருவம்.

ஓடிப் போய் சொன்னேன். மாஸ்டர் லென்ஸைக் கழட்டி வச்சுட்டு கேட்டார், "அப்ப வருஷா வருஷம் ஆறு மணி நேரத்தைச் சேத்துட வேண்டியதுதானே, எதுக்கு நாலு வருஷம் காத்திருக்கணும்?"

இதுக்கு பதில் என் கையிலயே இருந்துச்சு, எட்டு மாசமா சக்கரம் கழுவின கை இல்லையா. "சேத்தா அடுத்த வருஷம் புது வருஷம் காலையில ஆறு மணிக்குப் பொறக்கும், அதுக்கடுத்தது மத்தியானம் பொறக்கும், பகலும் ராத்திரியும் கலைஞ்சு போயிடும் மாஸ்டர். சக்கரத்துல கால் பல் வெட்ட முடியாதுல்ல? வெட்டினா கடிக்காது, வழுக்கிடும். முழுப் பல்லு சேர்ற வரைக்கும் காத்திருந்து ஒண்ணா வெட்டறாங்க."

அவர் ஒண்ணும் சொல்லல, எழுந்து போய் அந்த அரத்தை என் பெட்டியில திரும்ப வச்சார். சேர்ந்ததுல இருந்து எனக்குக் கிடைச்ச பாராட்டு அதுதான்.

மார்ச் 21 வந்துச்சு. வெளிச்சம் வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே நான் 2023 குறியில இருந்து 21 மில்லி முன்னாடி அளந்து பென்சிலால ஒரு புள்ளி வச்சேன். இந்த வருஷம் ஒரு நாள் கூடச் சேத்தாச்சு, கால் நாள் பாக்கி போக முக்கால் நாள் முன்னேறி விழணும், அதுதான் கணக்கு. மாஸ்டர் ஸ்டூல் போட்டு உக்காந்தார். வானத்துல பஞ்சு மாதிரி நாலு மேகம், வயித்தைக் கலக்குச்சு. வட்டம் தரையில ஊர்ந்து வந்து கோட்டைத் தொட்டுச்சு, ரெண்டு ஓரத்தையும் அளந்து நடுவைப் பிடிச்சா பென்சில் புள்ளி மேலயே உக்காந்திருக்கு. அம்மாடின்னு வாய்விட்டே சொல்லிட்டேன்.

ஊசியை எடுத்து கீறப் போனப்பதான் இன்னொண்ணு கண்ணுல பட்டுச்சு. தாவி வர்ற குறிங்க, 1996, 2000, 2004, அதெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழல. ஒவ்வொண்ணும் முந்தினதை விட ஒரு மில்லிக்கும் கொஞ்சம் கம்மியா முன்னாடி போயிருக்கு, 1996க்கும் இன்னிக்கு விழுந்ததுக்கும் நடுவுல ஆறு மில்லி.

"மாஸ்டர், நாம ஜாஸ்தியா சேக்கறோம்."

அவர் முகத்துல அப்படி ஒரு சிரிப்பை அதுக்கு முன்னாடி நான் பாத்ததில்ல. பாக்கி முழு ஆறு மணி நேரம் இல்லம்மா, 5 மணி 48 நிமிஷம் 45 செகண்ட்னார். நாலு வருஷத்துக்கு 23 மணி 15 நிமிஷம்தான் கடன், நாம குடுக்கறது 24 மணி. அந்த முக்கால் மணி நேரம்தான் இங்க மில்லி மில்லியா முன்னாடி போகுது. ஜூலியஸ் சீசர் காலத்துல, கிமு 45ல, நாலுக்கு ஒண்ணுன்னு கேலண்டர் போட்டாங்க. அவர் செத்ததும் பூசாரிங்க எண்ணறதுல தப்பு பண்ணி மூணு வருஷத்துக்கு ஒண்ணுன்னு சேத்துட்டாங்க, அகஸ்டஸ் சக்கரவர்த்தி வந்துதான் சரி பண்ணார். அப்புறமும் இந்த முக்கால் மணி நேரம் சேர்ந்துக்கிட்டே போய், 1582ல போப் கிரிகரி அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15ன்னு பத்து நாளை எடுத்தாங்க. அதுல இருந்து நூறால வகுபடற வருஷத்துக்கு கூடுதல் நாள் கிடையாது, நானூறால வகுபட்டா மட்டும் உண்டு. 1900க்கு இல்ல, 2000க்கு உண்டு, 2100க்கு இல்ல. 1655ல இத்தாலியில போலோன்யாவுல ஒரு சர்ச் தரையில கஸீனிங்கற வானியல் அறிஞர் இதே மாதிரி கோடு போட்டு இந்தக் கணக்கை சோதிச்சுப் பாத்தாராம், ஓட்டை 27 மீட்டர் உயரத்துல. நம்மளோடது நாலு மீட்டர்தான், ஆனா சூரியன் அதேதான்னார்.

அப்புறம் மேசைக் கடிகாரத்தைக் கூட்டுல பூட்ட உக்காந்தேன். 48 படி, நாலு பிப்ரவரி, அதுக்கு நூறு வருஷக் கணக்கு தெரியாது. கூட்டை மூடறதுக்கு முன்னாடி ஒரு சின்ன துண்டுக் காகிதத்துல எழுதி உள்பக்கம் ஒட்டினேன்: "2100 பிப்ரவரி 28 முடிஞ்சதும் இது 29 காட்டும். கையால ஒரு நாள் தள்ளி மார்ச் 1 வைக்கவும்."

மாஸ்டர் படிச்சுப் பாத்துட்டு, பசை சரியா ஒட்டியிருக்கான்னு கட்டைவிரலால ஒரு தடவை அழுத்திவிட்டார்.