பால் கணக்கு ஆப் வெளியீட்டு நாளில் பேசியது

எல்லாருக்கும் வணக்கம்.

இன்னிக்கு விடியக்காலம் பாலக்காடு மாவட்டச் சித்தூர் பக்கத்துப் பால் சங்கங்கள்ல நம்ம ஆப் வழியா பால் ஊத்தியாச்சு. கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு போக மிச்ச சத்தான எஸ்.என்.எஃப். எவ்வளவு, லிட்டருக்கு என்ன விலைன்னு தமிழ்லயும் மலையாளத்துலயும் சீட்டு வருது. ஒரு அம்மா தன் சீட்டைத் தானே படிச்சு, கணக்கு சரின்னு தலையாட்டினாங்க. எனக்கு அது போதும்.

கரண்ட் போனாலும் நெட் போனாலும் பதிவு அழியாம போன்லயே நின்னு, சிக்னல் வந்ததும் ஏறணும். டெஸ்டிங் பண்ணின தங்கச்சி விடாம கேட்ட கேள்விகளாலதான் அது இவ்வளவு உறுதியா வந்துச்சு.

மாசக்கணக்கா ராத்திரியும் ஞாயித்துக்கிழமையும் உழைச்சீங்க. அந்த உழைப்புக்கு நன்றி. ஆனா அந்த ராத்திரிகளுக்கு நான் கைதட்ட மாட்டேன். அதெல்லாம் உங்க வீட்டுக்குச் சேர வேண்டிய நேரம். எட்டு மணி நேர வேலைக்காக எத்தனையோ பேர் போராடியிருக்காங்க. சென்னையில 1923லயே சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார். அதை நாம சும்மா விட்டுக்கொடுக்கக் கூடாது.

அதனால, கூடுதல் நேரத்துக்கான பணம் இந்த மாசச் சம்பளத்தோட வரும். ஈடு லீவை ரெண்டு அணியா பிரிச்சு திங்கள்ல இருந்து எடுங்க. விடியக்கால சப்போர்ட்டுக்குத் தனி ஷிப்ட், புதுசா ரெண்டு பேர் வர்றாங்க. அடுத்த வெளியீட்டுத் தேதியைத் தள்ளி வைக்க மேனேஜர் ஒத்துக்கிட்டார்.

கொழிஞ்சாம்பாறை பஸ்ல போறவங்க முதல்ல சாப்பிட உக்காருங்க.