ஆலப்புழா ஹவுஸ்போட் ரிவ்யூ, 5-க்கு 3 ஸ்டார், மலையாளத்துல இருந்து தமிழ்ல

மச்சி, நீ அனுப்பின ரிவ்யூ இதோ. மனுஷன் நக்கல் அடிச்ச இடத்துல நக்கல அப்படியே விட்டுட்டேன், பாராட்டினத ஏத்தவும் இல்ல இறக்கவும் இல்ல. அட்வான்ஸ் போடறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட படிச்சு காட்டிடு.

"மதியம் 12 மணிக்கு ஏறணும், மறுநாள் காலைல 9 மணிக்கு எறங்கணும், இதுக்கு பேரு ஒரு நாள் பேக்கேஜாம், சரி விடுங்க. ஏறின உடனே வெல்கம் டிரிங்க் குடுத்தாங்க. அதுல எலுமிச்சம்பழம் இருக்குன்னு சொன்னாங்க, நம்பிட்டேன்.

புன்னமடைல கிளம்பி வேம்பநாட்டு காயலுக்குள்ள போறப்ப பரவால்ல, நல்லாவே இருக்கு. குட்டநாட்டுல வயலெல்லாம் தண்ணி மட்டத்துக்கும் கீழ கிடக்கும், வரப்புக்கு அந்தப்பக்கம் எட்டிப் பாத்தா நெல்லு நமக்கு கீழ நிக்குது, இத பாக்கத்தான் வந்தேன், பாத்துட்டேன். ஆனா முன்னாடி ஒரு போட், பின்னாடி ஒரு போட், பக்கத்து போட்ல காது கிழியற மாதிரி பாட்டு. விளம்பரத்துல ஆளே இல்லாத காயல் போட்டோ போட்டிருந்தாங்களே, அது ஹர்த்தால் அன்னிக்கு எடுத்ததா இருக்கும்.

5:30-க்கு கரையில கட்டிட்டாங்க. மீன் பிடிக்கிறவங்க வலை போடற நேரம், அது நியாயம்தான், அதுல எனக்கு சண்டை இல்ல. ஆனா 21 மணி நேர காயல் பயணம்னு காசு வாங்கினீங்களே, அதுல மிச்சமெல்லாம் தென்னை மரத்துல கட்டிப் போட்டிருக்கற பயணம்னு சொல்லியிருக்கலாம்ல?

ஏசி ராத்திரி 9 மணிக்கு மேலதான். அதுவரைக்கும் இயற்கைக் காத்து, கூடவே இயற்கைக் கொசு, ரெண்டுக்குமே எக்ஸ்ட்ரா சார்ஜ் இல்ல, பெரிய மனசு.

ஆணியே அடிக்காம கயித்தால கட்டின கெட்டுவள்ளம்னு ரொம்ப பெருமையா சொன்னாங்க. பாத்ரூம் கதவுல தாழ்ப்பாள் நிக்கறதுக்காவது ஒரு ஆணி அடிச்சிருக்கலாம். உள்ள ஆள் இருக்குன்னு தெரியணுமேன்னு பாடிக்கிட்டே குளிச்சேன், வெளிய வந்தா போட்ல வேலை பாக்கற பையன் 'சேட்டா நல்லா பாடறீங்க'ங்கறான்.

இனி சமையல்காரர். கரிமீன் பொள்ளிச்சது வச்சாரு பாருங்க, வாழை இலைய பிரிச்சதும் அந்த சின்ன வெங்காய மசாலா வாசனை, முள்ளு வரைக்கும் இறங்கியிருக்கு. இதுல கிண்டல் பண்ண எனக்கு மனசு வரல. எங்க அம்மச்சி 'நல்லாருக்கு'ன்னாங்க, அந்த வார்த்தைய அவங்க எங்க வீட்டு கல்யாண சாப்பாட்டுக்கே சொன்னதில்ல.

2 ஸ்டார் சமையல்காரருக்கு, 1 காயலுக்கு. மிச்சம் 2 என்கிட்டதான் இருக்கு, தாழ்ப்பாள் மாட்டிட்டு முதலாளி வந்து வாங்கிக்கட்டும்."