வேர், தண்டு, இலை: ஒருவிதையிலையும் இருவிதையிலையும் (திருப்புதல் குறிப்பு)

போன தேர்வின் விடைத்தாள்களைத் திருத்தும்போது ஒன்று கண்ணில் பட்டது. வேறுபாட்டு அட்டவணை எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் செய்முறை வகுப்பில் ஸ்லைடை வைத்து "இது என்ன?" என்று கேட்டதும் பாதிப் பேர் மக்காச்சோள வேரைத் தண்டு என்று எழுதிவிட்டீர்கள். கேட்டால், "நடுவில் பித் பெரிதாக இருந்தது சார்" என்கிறீர்கள். பித்தைப் பார்த்தால் உறுப்பு தெரியாது. அதனால் அட்டவணை வரிசையில் போகாமல், நுண்ணோக்கியில் கண் போகிற வரிசையில் இந்தக் குறிப்பை எழுதியிருக்கிறேன். முதலில் எந்த உறுப்பு, அப்புறம்தான் எந்தக் குழு.

உறுப்பைப் பிடிப்பது

சைலமும் ஃபுளோயமும் எப்படி நிற்கின்றன என்று பாருங்கள். வெவ்வேறு ஆரங்களில் ஒன்றுவிட்டு ஒன்றாக நின்றால் அது ஆரப்போக்குக் கற்றை, அதாவது வேர். ஒரே ஆரத்தில் ஃபுளோயம் வெளியேயும் சைலம் உள்ளேயும் சேர்ந்து நின்றால் ஒன்றிணைந்த கற்றை, அதாவது தண்டு. மேலும் கீழும் இரண்டு புறத்தோல், நடுவில் பசுங்கணிகம் நிறைந்த செல்கள் என்றால் இலை.

இன்னும் சந்தேகமா? சைலத்தின் சின்னக் குழாய்களைத் தேடுங்கள். முதலில் உருவாகும் புரோட்டோசைலம் குறுகலானது, பின்னால் உருவாகும் மெட்டாசைலம் அகலமானது. சின்னது வெளியே, பெரியது உள்ளே என்றால் வெளிநோக்கு சைலம். இது வேருக்கு உரியது. சின்னது மையத்தை நோக்கி இருந்தால் உள்நோக்கு சைலம். இது தண்டுக்கு உரியது. இந்த விதி இரண்டு குழுவுக்கும் பொது. ஆகவே, இது ஒருவிதையிலைக்கும் இருவிதையிலைக்கும் உள்ள வேறுபாடு என்று யாரும் எழுதாதீர்கள். சென்ற முறை எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

வேர்: அவரையும் மக்காச்சோளமும்

வெளியிலிருந்து அகத்தோல் வரை இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வெளி அடுக்கான எபிபிளெமாவில் ஒரு செல்லாலான வேர்த்தூவிகள் இருக்கும், இலைத்துளை கிடையாது. அடுத்து பாரன்கைமாவாலான அகலமான புறணி. அதன் கடைசி அடுக்கு அகத்தோல்.

அகத்தோலில் கொஞ்சம் நில்லுங்கள். இந்தச் செல்களின் ஆரச் சுவரையும் குறுக்குச் சுவரையும் சுற்றி ஒரு நாடா ஓடுகிறது. அதுதான் காஸ்பேரியன் பட்டை. 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானியத் தாவரவியலாளர் ராபர்ட் காஸ்பாரியின் பெயரால் வந்தது. செல்சுவர் வழியாகவே கசிந்து வந்த நீர் இங்கே முட்டி நின்றுவிடும். செல் சவ்வைக் கடந்துதான் உள்ளே போக முடியும். எதை விடுவது, எதை நிறுத்துவது என்பதை வேர் தீர்மானிக்கும் வாசல் இது. முதிர்ந்த ஒருவிதையிலை வேர்களில் அகத்தோலின் சுவர்கள் நன்றாகத் தடித்துப்போகும். புரோட்டோசைலத்துக்கு நேர் எதிரே சில செல்கள் மட்டும் தடிக்காமல் மெல்லிய சுவரோடு நிற்கும். அவைதான் வழிச்செல்கள். படத்தில் அவற்றைப் புரோட்டோசைலத்துக்கு எதிரில் வரையாமல் வேறெங்கோ வரைந்தால் மதிப்பெண் போய்விடும்.

அகத்தோலுக்கு உள்ளேதான் உண்மையான வேறுபாடு தொடங்குகிறது. சைலக் கற்றைகளை எண்ணுங்கள். அவரை வேரில் நான்கு. பொதுவாக இருவிதையிலை வேர்களில் இரண்டு முதல் நான்கு, சிலவற்றில் ஆறு வரை போகும். மக்காச்சோளத்தில் எண்ணிக்கை எட்டைத் தாண்டி ஓடும். இத்தனை கற்றைகளும் வளையமாகச் சுற்றி நிற்பதால் நடுவில் இடம் மிச்சமாகிறது. அதுதான் அந்தப் பெரிய பித். அவரையில் நான்கு சைலமும் மையத்தை நோக்கி வளர்ந்துவிடுவதால் பித் மிகச் சிறியது, அல்லது இல்லவே இல்லை. ஆக, எண்ணிக்கையும் பித்தும் இரண்டு தனிக் குறிப்புகள் அல்ல. ஒன்றைச் சொன்னால் மற்றது தானாக வந்துவிடும்.

சைலத்துக்கும் ஃபுளோயத்துக்கும் இடையே உள்ள இணைப்புத் திசு அவரையில் பாரன்கைமா. மக்காச்சோளத்தில் பெரும்பாலும் ஸ்கிளீரன்கைமா. மெட்டாசைலக் குழாய் அவரையில் பல கோணங்களோடும், மக்காச்சோளத்தில் வட்டமாகவும் தெரியும்.

பெரிசைக்கிள் இரண்டிலும் உண்டு. இரண்டிலும் பக்கவேர் அங்கிருந்துதான் கிளம்பும். ஆனால் இருவிதையிலையில் அதற்கு இன்னொரு வேலையும் இருக்கிறது: இரண்டாம் நிலை வளர்ச்சி தொடங்கும்போது கேம்பிய வளையத்தின் ஒரு பகுதி பெரிசைக்கிளிலிருந்தும், மீதி இணைப்புத் திசுவிலிருந்தும் உருவாகும். ஒருவிதையிலை வேரில் இந்த வளர்ச்சி இல்லை.

தண்டு: சூரியகாந்தியும் மக்காச்சோளமும்

தேர்வில் அதிகம் வருவது இதுதான். ஆகவே நேரம் குறைவாக இருந்தால் இங்கே செலவழியுங்கள்.

சூரியகாந்தித் தண்டின் குறுக்குவெட்டைக் குறைந்த உருப்பெருக்கத்தில் பார்த்தால் முதலில் தெரிவது ஒழுங்கு. ஆப்பு வடிவக் கற்றைகள் ஒரே வளையமாக நிற்கும். வளையத்துக்கு வெளியே புறணி, உள்ளே பித், கற்றைகளுக்கு இடையே பித் கதிர்கள். எது எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். மக்காச்சோளத்தில் அப்படி எல்லை கிடையாது. கற்றைகள் சிதறிக் கிடக்கும். ஓரத்தில் சின்னதாக நெருக்கமாக, உள்ளே போகப் போகப் பெரிதாக இடைவெளி விட்டு. புறணி, பித் என்று பிரிக்க முடியாததால் எல்லாவற்றையும் சேர்த்து அடிப்படைத் திசு என்கிறோம். மக்காச்சோளத் தண்டின் படத்தில் "புறணி" என்று அம்புக்குறி போட்டால் அது பிழை.

விளிம்புக்கு வாருங்கள். புறத்தோலுக்கு அடியில் உள்ள ஹைப்போடெர்மிஸ் சூரியகாந்தியில் கோலன்கைமா, மக்காச்சோளத்தில் ஸ்கிளீரன்கைமா. சாஃப்ரனின் சாயத்தில் லிக்னின் ஏறிய சுவர்கள் பளிச்சென்று சிவக்கும். அதனால் மக்காச்சோள வெட்டின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு ஓடும். சூரியகாந்தியில் அது இருக்காது. சூரியகாந்தியின் புறத்தோலில் பல செல்களாலான தூவிகள் உண்டு. மக்காச்சோளத் தண்டில் இல்லை. சூரியகாந்தியின் அகத்தோலில் தரசம் இருப்பதால் அதைத் தரச அடுக்கு என்றும் சொல்வார்கள்.

இப்போது ஒரே ஒரு கற்றையை உயர் உருப்பெருக்கத்தில் பார்ப்போம். சூரியகாந்திக் கற்றையின் தலையில் ஸ்கிளீரன்கைமாவாலான ஒரு தொப்பி. அதன் கீழே ஃபுளோயம், பிறகு செவ்வகச் செல்கள் அடுக்கிய மெல்லிய பட்டை, பிறகு சைலம். அந்த மெல்லிய பட்டைதான் கேம்பியம். அது இருப்பதால் கற்றை "திறந்தது". வெளியே ஃபுளோயத்தையும் உள்ளே சைலத்தையும் புதிதாகச் சேர்த்துக்கொண்டே போகும், தண்டு பருக்கும். மக்காச்சோளக் கற்றையில் ஃபுளோயமும் சைலமும் நேராக ஒட்டி நிற்கும், இடையில் கேம்பியம் இல்லை, ஆகவே "மூடியது". கற்றை முழுவதையும் ஸ்கிளீரன்கைமா உறை சுற்றியிருக்கும். சைலக் குழாய்கள் 'Y' எழுத்துப் போல அமைந்திருக்கும்: இரண்டு பெரிய மெட்டாசைலம் கைகளில், புரோட்டோசைலம் காலில். காலடியில் ஒரு வெற்றிடம் தெரியும். வளர்ச்சியின்போது புரோட்டோசைலம் சிதைந்து உண்டான இடைவெளி அது. மொத்தமாகப் பார்த்தால் இரண்டு கண்ணும் வாயும் கொண்ட மண்டையோடு மாதிரி இருக்கும். ஒரு முறை அப்படிப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. இந்தக் கற்றையில் ஃபுளோயம் பாரன்கைமாவும் இல்லை.

"அப்படியானால் பனை எப்படி அவ்வளவு பருமனாகிறது?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. பனை வகை மரங்கள் உயரத் தொடங்கும் முன்பே நுனிப் பகுதியில் அகன்றுகொள்கின்றன. கேம்பியம் போடும் ஆண்டு வளையம் அங்கே இல்லை. டிரசீனா போன்ற சில ஒருவிதையிலைகளில் வேறு வகையான இரண்டாம் நிலைத் தடிப்பு உண்டு, ஆனால் அது விதிவிலக்கு. எதிர்ப்பக்கத்தில், பூசணிக் குடும்பத் தண்டில் சைலத்தின் இரு புறமும் ஃபுளோயம் இருக்கும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அது இருவிதையிலைதான்.

இலை

இங்கே அட்டவணையே போதும்.

| அம்சம் | இருவிதையிலை (சூரியகாந்தி) | ஒருவிதையிலை (புல்) |
|---|---|---|
| இலையிடைத் திசு | மேலே பாலிசேட், கீழே பஞ்சு பாரன்கைமா | இப்படிப் பிரிவு இல்லை |
| இலைத்துளைகள் | கீழ்ப்பக்கம் அதிகம் | இரு பக்கமும் ஏறக்குறைய சமம் |
| காப்புச் செல்கள் | அவரை விதை வடிவம் | டம்பெல் வடிவம் |
| புல்லிஃபார்ம் செல்கள் | இல்லை | மேல்புறத்தோலில் உண்டு |
| நரம்பமைவு | வலைப்பின்னல் | இணைப்போக்கு |

அட்டவணையில் அடங்காத மூன்று விஷயங்கள். புல்லிஃபார்ம் செல்கள் பெரிய, நிறமற்ற, நீர் நிறைந்த செல்கள். வறட்சியில் அவை சுருங்குவதால் புல் இலை உள்நோக்கிச் சுருண்டு, நீர் இழப்பு குறைகிறது. டம்பெல் வடிவம் புல் குடும்பத்துக்கும் கோரைக்கும் உரியது. லில்லி போன்றவற்றில் ஒருவிதையிலையாக இருந்தும் காப்புச் செல் அவரை விதை வடிவில்தான் இருக்கும். "எல்லா ஒருவிதையிலைகளிலும்" என்று எழுதாமல் "புற்களில்" என்று எழுதுங்கள். மூன்றாவது, மக்காச்சோளத்தின் கற்றை உறைச் செல்களில் பசுங்கணிகங்கள் நிறைந்திருக்கும். C4 ஒளிச்சேர்க்கையோடு தொடர்புடைய இந்த அமைப்புக்கு கிரான்ஸ் அமைப்பு என்று பெயர்.

இலை நரம்பில் சைலம் மேல்புறமும் ஃபுளோயம் கீழ்ப்புறமும் இருக்கும், இரு குழுவிலும். காரணம் எளிது: தண்டில் உள்ளே இருக்கும் சைலம், கற்றை வெளியே வளைந்து இலைக்குள் நுழையும்போது மேலே வந்துவிடுகிறது.

உங்களை நீங்களே கேட்டுப்பாருங்கள்

1. ஆரப்போக்குக் கற்றைகள், பத்துக்கும் மேற்பட்ட சைலம், நடுவில் பெரிய பித். எது?
ஒருவிதையிலை வேர்.

2. கற்றைகள் வளையமாக இருக்கின்றன, ஹைப்போடெர்மிஸ் கோலன்கைமா. கற்றை திறந்ததா, மூடியதா?
திறந்தது, இருவிதையிலைத் தண்டு.

3. இலைத்துளைகள் இரு பக்கமும் சமமாக இருக்கின்றன என்பதை மட்டும் வைத்து ஒருவிதையிலை என்று முடிவு கட்டலாமா?
கூடாது. யூகலிப்டஸ் இருவிதையிலைதான், அதன் முதிர்ந்த இலை தொங்குவதால் இரு பக்கமும் வெயில் படும், இலைத்துளையும் பாலிசேட்டும் இரு பக்கமும் உண்டு. நரம்பமைவையும் சேர்த்துப் பாருங்கள்.