தமிழ்த் துணைப்பாட ஆசிரியர் வேலைக்கு மின்னஞ்சலும் கையொப்பமும்

பொருள்: தமிழ்த் துணைப்பாட ஆசிரியர் வேலை, செங்காங் – கயல்விழி இராமசாமி

மதிப்பிற்குரிய திருமதி சாந்தி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் செங்காங் நிலையத்தில் தொடக்கநிலை 5, 6 வகுப்புகளுக்குத் தமிழாசிரியர் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்து எழுதுகிறேன். தன்விவரக் குறிப்பை இணைத்திருக்கிறேன்.

ஆறு ஆண்டுகளாக ஜூரோங் வட்டாரத்தில் ஒரு துணைப்பாட நிலையத்தில் தமிழ் கற்பிக்கிறேன். குடும்பம் பொங்கோலுக்கு மாறிவிட்டது. ஊட்ரம் பார்க்கில் ரயில் மாறித் தினமும் தீவின் மறுபக்கம் போய்வருவதைவிட வீட்டுக்குப் பக்கத்திலேயே கற்பிக்க விரும்புகிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி வாய்மொழித் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்வது. காணொளியைப் பார்த்ததும் பல பிள்ளைகள், "பையன் குப்பை போடுறான், டீச்சர்" என்று ஒரு வரியோடு நிறுத்திவிடுவார்கள். என் வகுப்பில் காணொளியைப் பாதியில் நிறுத்திவிட்டு, "உங்க புளோக்குக் கீழே இது நடந்தா நீ அந்தப் பையன்கிட்ட என்ன சொல்லுவே?" என்று கேட்பேன். அதுவரை வாய் திறக்காத பிள்ளைகூட அண்டை வீட்டுப் பாட்டி, துப்புரவு செய்யும் அங்கிள் என்று பேச ஆரம்பித்துவிடும். அந்தப் பேச்சைத்தான் பிறகு சொல் சொல்லாகத் திருத்துவோம். இப்படி நடத்திய ஒரு பாடத்தின் திட்டத்தை என் லிங்க்ட்இன் பக்கத்தில் முதலாவதாக வைத்திருக்கிறேன். நேரம் இருந்தால் அதை மட்டுமாவது பாருங்கள்.

வேலையில் சேரும் தேதியைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். என் ஒப்பந்தப்படி ஒரு மாத முன்னறிவிப்புப் போதும். ஆனால் என் தொடக்கநிலை 6 மாணவர்களுக்கு ஆகஸ்ட்டில் வாய்மொழித் தேர்வு, செப்டம்பர் கடைசியில் பிஎஸ்எல்இ எழுத்துத் தேர்வு. அந்த நேரத்தில் அவர்களை வேறோர் ஆசிரியர் கையில் விட்டுவர எனக்கு மனம் வராது. அதனால் முழுநேரமாக அக்டோபர் 15 முதல் வருகிறேன். அதற்கு முன்பே ஆள் வேண்டுமென்றால், ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்புகளை ஆகஸ்ட் முதலே எடுக்க முடியும். என் இப்போதைய நிலையத்தின் அனுமதியை வாங்கிவிட்டேன்.

பேச வசதியான நேரம், எண், இணைப்பு எல்லாம் கீழே உள்ளன.

அன்புடன்,

கயல்விழி இராமசாமி
தமிழ்த் துணைப்பாட ஆசிரியர் | தொடக்கநிலை 3 – 6
கைப்பேசி, வாட்ஸ்அப்: +65 8000 0417
லிங்க்ட்இன்: linkedin.com/in/kayalvizhi-tamil-sg
பேச வசதியான நேரம்: திங்கள் – வெள்ளி, காலை 9.30 – பிற்பகல் 1
வேலையில் சேர: முழுநேரம் அக்டோபர் 15 முதல், ஞாயிறு காலை ஆகஸ்ட் முதல்
சிங்கப்பூர்க் குடியுரிமை

---

பொருள்: மறுமொழி: தமிழ்த் துணைப்பாட ஆசிரியர் வேலை, செங்காங்

திருமதி சாந்தி அவர்களுக்கு,

உடனே பதில் எழுதியதற்கு மிக்க நன்றி. செவ்வாய் காலை 11 மணிக்கு நிலையத்துக்கு வந்துவிடுகிறேன். கல்வி அமைச்சில் ஆசிரியராகப் பதிவு செய்யத் தேவையான சான்றிதழ்களின் அசலையும் நகலையும் கொண்டுவருகிறேன்.

மாதிரி வகுப்பைச் சனிக்கிழமை வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சனிக்கிழமை எனக்குக் காலை 9 முதல் மாலை 5 வரை வகுப்பு இருக்கிறது. பிஎஸ்எல்இ முடியும்வரை அதை மாற்ற இயலாது. ஞாயிறு காலை 10 மணி உங்களுக்குச் சரிவருமா? தொடக்கநிலை 5 பிள்ளைகள் நான்கைந்து பேர் இருந்தால் போதும். காணொளியையும் பயிற்சித் தாளையும் நானே கொண்டுவருகிறேன். திரையும் ஒலிபெருக்கியும் மட்டும் வேண்டும்.

அன்புடன்,

கயல்விழி இராமசாமி | தமிழ்த் துணைப்பாட ஆசிரியர்
+65 8000 0417 | linkedin.com/in/kayalvizhi-tamil-sg
பேச: வார நாள்களில் காலை 9.30 – பிற்பகல் 1 | முழுநேரம்: அக்டோபர் 15 முதல்

---

வாட்ஸ்அப், செவ்வாய் காலை

வணக்கம் மேடம், கயல்விழி பேசுகிறேன், தமிழாசிரியர் வேலைக்கு இன்று 11 மணிக்கு வரச் சொல்லியிருந்தீர்கள். செங்காங் எம்ஆர்டி வந்துவிட்டேன், பத்து நிமிடத்தில் நிலையத்தில் இருப்பேன். பாடத்திட்டம் இங்கே: linkedin.com/in/kayalvizhi-tamil-sg. இன்று 2.30க்குமேல் வகுப்பில் இருப்பேன். அதன்பிறகு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் இதே எண்ணில் தகவல் விடுங்கள், இரவு 8 மணிக்குள் நானே கூப்பிடுகிறேன்.
– கயல்விழி, +65 8000 0417