பதினாறாம் நாளுக்கு முன்பு அனுப்பிய செய்திகள்

மதினிக்கு:

மதினி, ஞாயிற்றுக்கிழமைச் சடங்கைப் பற்றிக் காலையில் போனில் நீங்கள் சொன்னதற்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை, அத்தை பக்கத்திலேயே இருந்தார்கள். அதனால்தான் எழுதுகிறேன். கூடப் பிறந்த தம்பியைப் பறிகொடுத்த வேதனை உங்களுக்கும் இருக்கிறது, அதை நான் மறக்கவில்லை. ஆனால் ஞாயிறு விடியற்காலையில் தலை நிறையப் பூ வைத்து, மஞ்சள் பூசி, கை நிறைய வளையல் போட்டுவிட்டு, அப்புறம் எல்லோரும் சுற்றி நின்று ஒவ்வொன்றாக உடைத்து அழித்து எடுக்கும் அந்தச் சடங்குக்கு நான் உட்கார மாட்டேன். தாலியை நானே கழற்றுகிறேன். அத்தை மட்டும் கூட இருக்கட்டும், கதவைச் சாத்திக்கொள்கிறோம். பொட்டு வைப்பேன். அது கைக்குழந்தையில் அம்மா வைத்துவிட்டது, கல்யாணத்தில் வந்தது இல்லை. பூ வைக்க இப்போதைக்கு மனசு வரவில்லை, தோன்றும்போது வைத்துக்கொள்வேன். அதற்கு யாரும் நாள் குறிக்க வேண்டாம்.

அண்ணனுக்கு:

அண்ணே, கோடிச் சேலை எடுக்க இன்றைக்குக் கடைக்குப் போவதாக அண்ணி சொன்னார்கள். வெள்ளை வேண்டாம். சின்னாளப்பட்டிச் சுங்குடியில் பச்சையோ நீலமோ எடுங்கள். போன தீபாவளிக்கு அவர் எடுத்துத் தந்ததும் அதுதான், பச்சையில் சின்னச் சின்னப் புள்ளி, ஓரம் மட்டும் அரக்கு. வங்கி வேலைக்கு அடுத்த மாதம் போக ஆரம்பித்ததும் அதைத்தான் கட்டப்போகிறேன். பெரியவர்கள் யாராவது கடையில் கூட வந்து தடுத்தால், தங்கச்சி கேட்டது இது என்று என் பேரைச் சொல்லிவிடுங்கள்.

குடும்பக் குழுவில், சின்ன மாமாவுக்கு:

மாமா, வணக்கம். ஒரு வருஷம் கோயில் படி ஏறக் கூடாது, விசேஷ வீடுகளில் முன்னால் வந்து நிற்கக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். அக்கறையில் சொல்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன், ஆனால் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. ஈரோடு மாவட்டத்தில் கணவனை இழந்த ஒரு பெண்ணைக் கோயிலுக்குள் விடாத வழக்கில், அப்படித் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-லேயே சொல்லிவிட்டது. மகாராஷ்டிராவில் ஹெர்வாட் என்ற கிராமம் 2022-ல் ஊராட்சிக் கூட்டத்திலேயே தாலி அறுப்பு, வளையல் உடைப்பு எல்லாம் இனி வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. ஊரே கூடிக் கைவிட்ட ஒன்றை நம் ஒரு வீடு விட முடியாதா மாமா? நாளைக்கு என் மகள் கல்யாணத்தில் ஆரத்தித் தட்டைப் பிடிக்க வேறொருத்தரைக் கூப்பிட மாட்டேன், அதை இப்போதே சொல்லிவைக்கிறேன். காரியம் குறைவில்லாமல் நடக்கும். ஐயரிடம் பேசியாச்சு, சமையலுக்கும் சொல்லியாச்சு. எல்லோரும் அவசியம் வாருங்கள்.

மதினிக்கு, இரவில்:

படித்தேன் மதினி. ஊர் பேசும் என்கிறீர்கள், பேசட்டும். நீங்கள் எனக்காக யாரிடமும் சண்டை போட வேண்டாம், எனக்கு எதிராகச் சொல்லாமல் இருந்தால் போதும். அவரைத் தூக்கி வளர்த்தவர் நீங்கள், அன்றைக்கு நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்குத் தெம்பாக இருக்கும். யாராவது கேட்டால் என்னிடம் அனுப்புங்கள், நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்.