பதினோராம் பெட்டும் பச்சைதான்

மூன்றாவது தடவை எழுப்பியதும் நாலாம் பெட்காரர் கேட்டே விட்டார். "ஏம்மா, எனக்குச் சொல்லாம மறைக்கிற மாதிரி ஏதாவது இருக்கா? இருந்தா சொல்லிடு, மனசத் தேத்திக்கிறேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, சும்மா ஒரு செக்கிங்தான்" என்றாள் தேவி. உண்மையிலேயே ஒன்றும் இல்லை. பிபி 128க்கு 76, நாடி 74, மூச்சு நிமிடத்துக்கு 15, ஆக்சிஜன் 97, காய்ச்சல் கிடையாது. வார்டிலேயே நன்றாக இருக்கிற ஆள் யார் என்று கேட்டால் இவரைத்தான் கைகாட்டலாம். ஆனால் நர்ஸ் மேஜைக்கு மேலே மாட்டியிருக்கிற பெரிய திரையில் இவருடைய கட்டம் சாயங்காலத்திலிருந்து செக்கச்செவேல் என்று நிற்கிறது. பதினாறும் அப்படியே. சிவப்பைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பது?

திரை போன வாரம் மாட்டியது. 24 பெட், 24 கட்டம். பெரும்பாலானவை சாம்பல் நிறம், அங்கங்கே ஒன்றிரண்டு சிவப்பு, ஒன்றிரண்டு பச்சை. கட்டத்துக்குள் பெட் நம்பர் மட்டும்தான் இருக்கும், மேற்கொண்டு தெரிய வேண்டுமானால் தொட்டுத் திறக்க வேண்டும். பகல் ஷிப்டுக்கு யாரோ வந்து கால் மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்களாம். நைட் ஷிப்டுக்கு யாரும் வரவில்லை, யார்தான் வருவார்கள். அதிலும் நிறத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள என்ன பாடம் வேண்டியிருக்கிறது என்றுதான் தேவியும் நினைத்திருந்தாள். பெட் பக்கத்து மானிட்டரில் சிவப்பு மின்னினால் உயிர் போகிற விஷயம், மஞ்சள் என்றால் அதற்கு அடுத்தபடி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கண்ணுக்குப் பழகிப்போனது அது.

ராத்திரி எட்டு மணிக்கு ஒப்படைக்கும்போது ஜெயா அக்காவும் சொல்லிவிட்டுத்தான் போனார். "நாலும் பதினாறும் சிவப்பு. ஏழு பச்சையில இருக்கு. மத்தபடி வார்டு அமைதிதான்." தேவி தலையாட்டிக்கொண்டே நோட்டில் நாலையும் பதினாறையும் வட்டம் போட்டுக்கொண்டாள். ஏழை வட்டம் போடவில்லை.

பத்து மணிக்கு எல்லோருக்கும் பிபி, டெம்பரேச்சர் எடுக்கிற வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். ஒன்பது முதல் பதினாறு வரை பானு எடுத்தாள். பயிற்சிக்கு வந்திருக்கிற பெண், கை சுறுசுறுப்பு, எண்களைப் பிசகாமல் டேப்லெட்டில் போட்டுவிடுவாள். போட்டு முடித்துச் சேமித்ததும் டேப்லெட் ஒரு டிக் காட்டும், அடுத்த பெட்டுக்குப் போகலாம். கூட்டிக் கழித்து மதிப்பெண் போடுவதெல்லாம் திரையின் வேலை. கொஞ்ச நேரத்தில் பதினோராம் கட்டமும் பச்சையானது. அதைப் பார்த்தபோது தேவிக்கு, சரி, அந்தப் பக்கம் ஒரு கவலை விட்டது என்று இருந்தது.

இரண்டே முக்காலுக்குச் சற்று முன்னால் பன்னிரண்டாம் பெட்டில் டிரிப் முடிந்து பீப் அடித்தது. அதை நிறுத்தப் போனவள், பாட்டிலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் யாரோ மாடிப்படி ஏறி வந்தவர்போல் மூச்சு விடுகிற சத்தம். பதினோராம் பெட். சிறுநீர்த் தொற்று என்று நேற்று அட்மிட் ஆனவர், அறுபதைத் தாண்டியவர்.

விளக்கைப் போட்டாள். விழித்துத்தான் இருந்தார். "குளுருதும்மா, இன்னொரு போர்வை கெடைக்குமா?" என்றார். போர்வையை அப்புறம் தருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினாள், முழுசாக ஒரு நிமிடம். பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்குகிற வேலை இந்த மாதிரி நேரத்தில் உதவாது. 24. நாடி 114. பிபி மேலே 98. ஆக்சிஜன் 94. காய்ச்சல் 38.4. பெயர், இடம், தேதி எல்லாம் சரியாகச் சொன்னார். மனக்கணக்கில் கூட்டினாள்: மூச்சுக்கு 2, ஆக்சிஜனுக்கு 1, பிபிக்கு 2, நாடிக்கு 2, காய்ச்சலுக்கு 1. எட்டு. நோயாளி எவ்வளவு மோசமாகிறார் என்று மதிப்பெண் போடுகிற நியூஸ்-2 கணக்கில் ஏழைத் தொட்டாலே அவசரம்.

"பானு, இவர்கூட நில்லு. தலைப்பக்கம் கொஞ்சம் உயர்த்திவிடு, எங்கேயும் போகாதே."

டூட்டி டாக்டருக்குப் போன் போட்டுக்கொண்டே திரையைப் பார்த்தாள். பதினொன்று பச்சை. இன்னமும் பச்சை. டாக்டரிடம் எண்களை வரிசையாகச் சொல்லி முடித்து, "உடனே வாங்க" என்று வைத்தபிறகுதான் அந்தக் கட்டத்தைத் தொட்டாள்.

`OPEN 22:04 | NEWS2: 5 | Unassigned`

முதலில் அது எந்த பெட்டுக்கானது என்று மேலே தேடினாள். 11 என்றுதான் இருந்தது. பத்து மணிக்கு மதிப்பெண் 5. ஐந்து வந்துவிட்டாலே டாக்டர் சீக்கிரம் வந்து பார்க்க வேண்டும், மணிக்கு ஒரு தடவையாவது எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வேண்டும். பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று, இரண்டு என்று நாலு தடவை எடுத்திருக்க வேண்டியது. அந்த நேரத்தில் அவள் எங்கே இருந்தாள் என்பதும் ஞாபகம் வந்தது. நாலாம் பெட்டில், தூங்குகிற மனுஷனை எழுப்பிக்கொண்டு.

நாலைத் தொட்டாள்.

`CLOSED 19:32 | Reviewed`

அவ்வளவுதான் விஷயம். கழிவறைக் கதவுத் தாழ்ப்பாள் மாதிரி. சிவப்பு என்றால் உள்ளே ஆள் இருக்கிறது, நீ வேண்டாம். பச்சை என்றால் யாரும் இல்லை, நீ வா. நோயாளி எப்படி இருக்கிறார் என்பதை அந்த நிறம் சொல்லவே இல்லை. வேலையை யாராவது எடுத்துக்கொண்டார்களா என்பதைச் சொன்னது. பகலில் நாலைந்து டாக்டர்கள் சுற்றுகிற நேரத்தில் ஒரே நோயாளியிடம் இரண்டு பேர் போய் நிற்கக்கூடாது என்று யோசித்தவர்களுக்கு அது நியாயமான ஏற்பாடாகத்தான் தெரிந்திருக்கும். ராத்திரியில் அந்த வார்டுக்கு ஒரு நர்ஸ், ஒரு பயிற்சிப் பெண். யாரும் யார்மீதும் மோதிக்கொள்ளப் போவதில்லை.

ஏழும் பச்சை! சாயங்காலத்திலிருந்து பச்சை.

ஓடினாள். ஏழாம் பெட் பாட்டி வாயைத் திறந்துகொண்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். விரலில் கிளிப்பை மாட்டியதும் 90 காட்டியது. தேவிக்கு அடிவயிறு கலங்கியது. அப்புறம் கேஸ் ஷீட்டைப் புரட்டினாள். நாள்பட்ட நுரையீரல் நோய், ஆக்சிஜன் 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்று முதல் நாளே டாக்டர் எழுதி வைத்திருக்கிறார். அப்படிப்பட்டவர்களுக்கு நியூஸ்-2வில் தனியாக இரண்டாவது அளவுகோல் உண்டு. அதைத் திரையில் யாரும் மாற்றிவிடவில்லை, அதனால் அது பாட்டியைப் பார்த்து சாயங்காலத்திலிருந்து கூப்பாடு போட்டுக்கொண்டிருக்கிறது, அதுவும் பச்சை நிறத்தில். மூச்சு 18, மற்றதெல்லாம் சரி. பாட்டி ஒரு கண்ணை மட்டும் திறந்து, "விடிஞ்சிருச்சா?" என்றார்.

"இல்ல பாட்டி, நீங்க தூங்குங்க."

டாக்டர் வந்ததும் வேலை தானாக ஓடியது. ரத்தம் கல்ச்சருக்கு எடுத்தார்கள், லாக்டேட்டுக்கும் எடுத்தார்கள். ஆன்டிபயாடிக்கை மாற்றி எழுதி உடனே ஏற்றினார்கள், சலைன் 500 மில்லியை வேகமாக விட்டார்கள். லாக்டேட் 2.8 என்று வந்தது, இருக்க வேண்டியதைவிட அதிகம். "எத்தனை மணியிலேர்ந்து இப்படி?" என்று டாக்டர் கேட்டார். தேவி திரையில் இருந்ததை அப்படியே சொன்னாள். அவர் திரும்பி ஒரு தடவை அதைப் பார்த்தார். "பச்சையாத்தானே இருக்கு?" என்றார். அவரும் நைட் டூட்டிதான்.

நாலே முக்காலுக்கு பிபி 112க்கு வந்தது, மூச்சு 21. ஆனாலும் கூடுதல் கவனிப்பு வார்டில் இடம் கேட்டு வைத்தார்கள், ஆறரைக்கு இடம் கிடைத்தது. தள்ளுவண்டியில் போகும்போது அவர் போர்வையைப் பற்றி மறுபடியும் கேட்டார். இந்தத் தடவை பானு இரண்டு கொண்டுவந்து போர்த்திவிட்டாள்.

எட்டு மணிக்கு ஜெயா அக்கா வந்தார். தேவி நோட்டைத் திறக்கவே இல்லை. "அக்கா, நேத்து ஏழு பச்சைன்னீங்களே, அப்படின்னா என்ன?"

"டாக்டர் இன்னும் பாக்கலைன்னு. நீ பாத்துக்குவேன்னுதான் சொன்னேன்."

"நான் நல்லா இருக்காங்கன்னு எடுத்துக்கிட்டேன்."

ஜெயா அக்கா பையை மேஜையில் வைத்தார். என்ன நடந்தது என்று முழுசாகக் கேட்டுக்கொண்டார். நடுவில் ஒரு தடவை மட்டும், "நான் பாத்துக்கோன்னு வாய்விட்டுச் சொல்லியிருக்கணும்" என்றார். அதற்குள் இன்சார்ஜ் சிஸ்டரும் வந்துவிட்டார். திரைக்குக் கீழே ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதி ஒட்டலாம் என்று அவர் சொன்னார். காகிதம் இரண்டு நாளில் கிழிந்துவிடும், நிறத்தையே மாற்றச் சொல்லுங்கள் என்று தேவி சொன்னாள். அவர்கள் மாற்றுவதற்கு ஒரு மாதம் ஆகும், அதுவரைக்கும்? அதுவரைக்கும் ஒப்படைக்கும்போது நிறத்தையே வாயில் எடுக்கக்கூடாது, பெட் நம்பரும் மதிப்பெண்ணும் டாக்டர் பார்த்தாரா என்பதும் மட்டும்தான். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. காகிதத்தையும் ஒட்டினார்கள்.

பேருந்துக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் தேவி அருளுக்குப் போன் போட்டாள். ஒருநாள் விட்டு ஒருநாள் அதே வார்டில் நைட் பார்ப்பவன், இன்று ராத்திரி அவன் முறை.

"அருள், நம்ம வார்டுத் திரையில பச்சைன்னா உனக்கு என்ன?"

"முடிஞ்சதுன்னு அர்த்தம். எதுக்குக் காலையிலயே பரீட்சை வைக்கிற?"

சொன்னாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒன்பதாம் பெட் பச்சையா இருந்துச்சு" என்றான். "விடிய விடிய. அவர் இப்ப எங்க இருக்காரு?"

தேவி டிஸ்சார்ஜ் ரிஜிஸ்தரை இழுத்துப் புரட்டினாள். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. "செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போயிட்டார். நல்லபடியாத்தான் போயிருக்கார்."

"சரி."

"வேற எந்தெந்த பெட் பச்சையா இருந்துச்சு, ஞாபகம் இருக்கிறதெல்லாம் சொல்லு" என்றாள். ஜெயா அக்கா தன் பேனாவை எடுத்து நீட்டினார், நாற்காலியையும் இழுத்துப் போட்டார்.